பூட்டுத் திறந்த திங்கட்கிழமை

2022 ஜூலை 25, திங்கட்கிழமை. முந்தைய வெள்ளிக்கிழமை 53 ரூபாய்க்கும் சற்று மேலே முடிந்திருந்த சொமேட்டோ பங்கு, அன்று சந்தை திறந்ததுமே சரியத் தொடங்கியது. மாலைக்குள் 11 சதவிகிதத்துக்கு மேல் விழுந்து 48 ரூபாய்க்குக் கீழே நின்றது. மறுநாள் இன்னொரு 12 சதவிகிதம் போனது. அந்த வாரத்திலேயே 41 ரூபாயையும் உடைத்துக்கொண்டு இறங்கியது. ஒரே வருடத்துக்கு முன்னால் 76 ரூபாய் கொடுத்து வாங்க மக்கள் முண்டியடித்த பங்கு இது. இடையில் 2021 நவம்பரில் 169 ரூபாய் வரை போய் வந்ததும் இதே பங்குதான்.

அந்த வார இறுதியில் சொமேட்டோவில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. காலாண்டு முடிவு வெளிவரவில்லை. மோசடிப் புகார் இல்லை. உணவு டெலிவரி ஆர்டர்கள் குறைந்ததாகவும் செய்தி இல்லை. நாள்காட்டியில் ஒரு தேதி வந்துபோனது, அவ்வளவுதான். ஜூலை 23, சனிக்கிழமையோடு ஏறக்குறைய 613 கோடி பங்குகள் மீதிருந்த ஒரு வருடப் பூட்டு முடிந்தது. அது நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 78 சதவிகிதம். அதுவரை விற்க முடியாமல் இருந்தவர்கள் விற்கலாம் என்ற நிலை வந்த முதல் வர்த்தக நாள் அந்தத் திங்கட்கிழமை.

இந்தப் பூட்டுக்குச் சந்தையில் 'லாக்-இன்' என்று பெயர். ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும் சிறு முதலீட்டாளருக்கு இது கிடையாது. பங்கு பட்டியலிடப்பட்ட அன்று காலையிலேயே அவர் விற்றுவிட்டுப் போகலாம். லாக்-இன் கட்டுவது மற்றவர்களை. நிறுவனத்தைத் தொடங்கிய புரமோட்டர்கள், ஐபிஓவுக்கு முன்பே குறைந்த விலையில் பணம் போட்டவர்கள், ஐபிஓ திறப்பதற்கு முந்தைய நாள் மொத்தமாக வாங்கும் 'ஆங்கர்' முதலீட்டாளர்கள் என்று மூன்று தரப்புக்கும் மூன்று விதமான கெடு உண்டு. இவர்களுடைய டீமேட் கணக்கில் பங்குகள் இருக்கும், மதிப்பு தெரியும், கூட்டத்தில் ஓட்டுப் போடலாம். விற்கும் உத்தரவு மட்டும் செல்லாது. குறிப்பிட்ட தேதி வரை அந்தப் பங்குகள் முடக்கப்பட்டவை என்று டெபாசிட்டரியின் கணினியில் பதிவாகியிருக்கும்.

புரமோட்டர்களுக்கான விதி இன்று இப்படி: ஐபிஓவுக்குப் பிந்தைய மூலதனத்தில் 20 சதவிகிதத்தை 18 மாதம் தொடக்கூடாது, அதற்கு மேல் வைத்திருப்பதை 6 மாதம். திரட்டும் பணத்தின் பெரும்பகுதி ஆலை, இயந்திரம் போன்ற மூலதனச் செலவுக்கு என்றால் இந்தக் கெடு நீளும். புரமோட்டர் அல்லாத பழைய பங்குதாரர்களுக்கு 6 மாதம். 2021-ல் செபி தளர்த்துவதற்கு முன்பு இவை எல்லாமே இன்னும் நீளமாக இருந்தன. பழைய பங்குதாரர்களுக்கு ஒரு முழு வருடம். சொமேட்டோ அந்தப் பழைய கணக்கில் வந்தது. அதோடு, சட்டப்படி அதற்குப் புரமோட்டர் என்று யாருமே இல்லை. ஆகவே பழைய பங்குகள் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே கெடுவின் கீழ், ஒரே தேதியில் திறக்கும்படி அமைந்துவிட்டது. பின்னாளில் நடந்த பாதி விஷயத்துக்கு இதுவே காரணம்.

பெரிய பூட்டைப் பார்ப்பதற்கு முன் சின்னப் பூட்டைப் பார்த்துவிடலாம். அது ஆங்கர்களுடையது.

ஆங்கர் என்ற ஏற்பாட்டை செபி 2009-ல் கொண்டுவந்தது. முந்தைய வருடத்தின் உலக நிதி நெருக்கடியில் புதிய வெளியீடுகள் படுத்துக் கிடந்த நேரம். பொதுமக்களுக்கு ஐபிஓ திறப்பதற்கு ஒரு வேலை நாள் முன்னதாக, மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு நிறுவனம், வெளிநாட்டு நிதி போன்ற பெரிய கைகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, யார் யாருக்கு எவ்வளவு, என்ன விலைக்கு என்ற பட்டியலை அன்றிரவே பங்குச் சந்தையில் வெளியிட வேண்டும். பெரியவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் சிறியவர்கள் துணிந்து வருவார்கள் என்பது எண்ணம். சாதாரண வெளியீட்டில் ஒரு ஆங்கர் குறைந்தது 10 கோடி ரூபாய்க்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியீட்டை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கரோ, புரமோட்டரோ, புரமோட்டரின் உறவுக்காரரோ ஆங்கராக வரக்கூடாது.

எவ்வளவு ஒதுக்கலாம் என்பதைச் சொமேட்டோவின் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 2021 ஜூலையில் அது திரட்டியது 9,375 கோடி ரூபாய். அதில் ஊழியர்களுக்கு என்று 65 லட்சம் பங்குகள், சுமார் 49 கோடி ரூபாய்க்கு, தனியாக எடுத்து வைக்கப்பட்டன. மீதி 9,326 கோடி. லாபம் காட்டாத நிறுவனம் என்பதால், விதிப்படி இதில் முக்கால் பங்கு நிறுவன முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டும். சில்லறை முதலீட்டாளர்களுக்கு 10 சதவிகிதம்தான். அந்த முக்கால் பங்கில் 60 சதவிகிதம் வரை ஆங்கர்களுக்குத் தரலாம். முக்காலில் 60 என்றால் மொத்தத்தில் 45 சதவிகிதம். 9,326 கோடியில் 45 சதவிகிதம் ஏறத்தாழ 4,197 கோடி. சொமேட்டோ ஆங்கர்களிடம் உண்மையில் வாங்கியது 4,196 கோடிக்குச் சற்று மேல். அதாவது விதி அனுமதித்த கடைசி ரூபாய் வரை போயிருக்கிறார்கள். லாபத்தில் உள்ள நிறுவனமாக இருந்தால் நிறுவன முதலீட்டாளர் பங்கு அதிகபட்சம் பாதி, ஆகவே ஆங்கர் பங்கு அதிகபட்சம் 30 சதவிகிதம்.

பத்திரிகைகளில் '186 ஆங்கர் முதலீட்டாளர்கள்' என்று வந்தது. டைகர் குளோபல், பிளாக்ராக், ஃபிடிலிட்டி, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிதி என்று பெயர்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பங்குகள் உள்நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகளுக்குப் போயின. ஃபண்ட் நிறுவனங்கள் 19, அவற்றின் திட்டங்கள் 74. அதாவது ஒரே ஃபண்ட் நிறுவனத்தின் முடிவு பட்டியலில் நாலைந்து வரியாக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு என்பதும் தற்செயல் இல்லை. அது அப்போது மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு விதி ஒதுக்கிவைத்திருந்த அளவு. 2025 இறுதியில் இந்த ஒதுக்கீட்டை 40 சதவிகிதமாக்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கருக்கு என்ன லாபம்? விலையில் தள்ளுபடி கிடையாது. கிடைப்பது நிச்சயம் மட்டுமே. ஐபிஓ எத்தனை மடங்கு விண்ணப்பம் பெற்றாலும், கேட்டு ஒப்புக்கொண்ட அளவு முதல் நாள் இரவே உறுதியாகிவிடும். பதிலுக்கு இரண்டு சிரமங்கள். கடைசியில் நிர்ணயமாகும் விலை ஆங்கர் விலையைவிட அதிகமானால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். குறைந்தால் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது சிரமம் லாக்-இன். 2021 வரை அது வெறும் 30 நாள்.

சொமேட்டோவின் 30 நாள் 2021 ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் முடிந்தது. 55 கோடிப் பங்குகள் ஒரே நேரத்தில் விடுபட்டன. ஐபிஓவில் வெளிவந்ததே மொத்தம் 123 கோடி என்பதால், சந்தையில் புழங்கும் சரக்கு ஒரே இரவில் பெரிதாகப் பெருகியது போலத்தான். வர்த்தகத்தின் நடுவே விலை 9 சதவிகிதம் வரை இறங்கியது. ஆனாலும் 76 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு 120 ரூபாயில் விற்க வாய்ப்பு. நிறைய பேர் விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. பங்கு அந்தச் சரிவைச் சில வாரங்களில் மறந்து, நவம்பரில் அந்த 169-ஐத் தொட்டது. லாக்-இன் முடியும் நாளில் பயந்து விற்ற சில்லறை முதலீட்டாளர்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வருடம் டிசம்பர் 15-ல் பேடிஎம்மின் ஆங்கர் கெடு முடிந்தபோது கதை வேறு. 122 ஆங்கர்கள், 8,235 கோடி ரூபாய், விலை 2,150. பட்டியலிட்ட முதல் நாளே 27 சதவிகிதம் விழுந்த பங்கு அது. கெடு முடிந்த அன்று நடுவில் 13 சதவிகிதம் வரை இறங்கி 1,300 ரூபாயை ஒட்டி வந்தது. லாபத்தை எடுத்துக்கொண்டு போக ஆளே இல்லை, எல்லோரும் நஷ்டத்தில். அப்படியும் விற்றார்கள். இங்கேதான் ஒரு பொதுவான தப்புக் கணக்கு உடைகிறது: 'ஆங்கர் நஷ்டத்தில் இருந்தால் விற்கமாட்டான்' என்று சில தரகர் அலுவலகங்களில் சொல்வார்கள். நிறுவன நிதிகளை நடத்துபவர்களுக்கு வாங்கின விலை மீது பாசம் கிடையாது. இனி ஏறுமா, இல்லையா என்பதே கேள்வி.

இந்த இரண்டும், இதைப் போன்ற இன்னும் சிலவும் நடந்த அந்தச் சூட்டிலேயே, 2021 டிசம்பர் இறுதியில் செபி விதியை மாற்ற முடிவெடுத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் திறக்கும் வெளியீடுகளில் ஆங்கரின் பாதிப் பங்குகளுக்கு மட்டுமே 30 நாள்; மறுபாதிக்கு 90 நாள். ஆகவே இப்போது எந்த ஐபிஓவுக்கும் ஆங்கர் கெடு இரண்டு முறை முடிகிறது. பெயரளவுக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்தில் கழன்றுகொள்ளும் பழக்கத்தை இது குறைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஒழித்துவிட்டது என்று சொல்ல முடியாது. முழு நம்பிக்கையோடு வருபவருக்கு 90 நாள் ஒரு பொருட்டே இல்லை. நம்பிக்கை இல்லாமல் வருபவருக்கு இன்னும் பாதி ஒரு மாதத்தில் விடுபடுகிறது.

பட்டியலில் எத்தனை பெயர் என்பதைவிட எந்த வகைப் பெயர் என்பது முக்கியம். 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த 144 ஐபிஓக்களைச் செபி ஆராய்ந்து 2024-ல் ஒரு அறிக்கை தந்தது. ஆங்கர் பங்குகளை விட்டுவிட்டு, லாக்-இன் இல்லாமல் கிடைத்த பங்குகளை யார் எவ்வளவு சீக்கிரம் விற்றார்கள் என்ற கணக்கு அது. வங்கிகள் தங்களுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ 80 சதவிகிதத்தை (மதிப்பின்படி) ஒரே வாரத்தில் விற்றிருந்தன. மியூச்சுவல் ஃபண்டுகள் விற்றது 3.3 சதவிகிதம். தனிநபர்கள் பாதியை விற்றிருந்தார்கள். பூட்டே இல்லாதபோது அவரவர் சுபாவம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பூட்டு முடியும் நாளிலும் அந்தச் சுபாவம் மாறிவிடப் போவதில்லை.

இனி பெரிய பூட்டு.

ஆங்கரும் சில்லறை முதலீட்டாளரும் வாங்கியது ஒரே 76 ரூபாய்க்கு. பழைய பங்குதாரர்கள் அப்படி இல்லை. பல வருடங்களுக்கு முன்பே பல சுற்றுகளில் பணம் போட்டவர்கள் அவர்கள். பலரின் அடக்க விலை 76-க்கு எங்கோ கீழே. இன்னும் சிலருடைய கதை வேறு மாதிரி. டாக்ஸி நிறுவனமான ஊபர், இந்தியாவில் நடத்திவந்த ஊபர் ஈட்ஸ் தொழிலை 2020 ஜனவரியில் சொமேட்டோவிடம் கொடுத்துவிட்டு, விலையாக 9.99 சதவிகிதப் பங்குகளை வாங்கிக்கொண்டது. ஐபிஓவில் புதுப் பங்குகள் சேர்ந்ததும் அது 7.8 சதவிகிதமாகச் சுருங்கியது. ஊபருக்கு உணவு டெலிவரி நிறுவனத்தின் பங்கை இந்தியாவில் காலாகாலத்துக்கும் வைத்திருக்கும் எண்ணம் இருக்க நியாயமில்லை. எப்போது கைமாற்றலாம் என்பதற்குக் காத்திருந்த பங்கு அது. சந்தைக்கும் அது தெரியும்.

தேதியும் எல்லோருக்கும் தெரியும், எண்ணிக்கையும் தெரியும், விற்கக்கூடியவர் யார் என்றும் தெரியும். அப்படியிருக்க விலை முன்கூட்டியே இறங்கி, அன்று அமைதியாக இருந்திருக்க வேண்டாமா? பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஓரளவு இறங்கியும்தான் இருந்தது. ஆனால் நம் சந்தையில் ஒரு தடை உண்டு. ஒரு பங்கு விழும் என்று நினைப்பவர், கையில் இல்லாத பங்கை விற்றுச் சில நாள் காத்திருக்க வழி வேண்டும். அந்த வழி பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ். சொமேட்டோ அந்தப் பட்டியலில் சேர்ந்ததோ 2024 நவம்பரில்தான். 2022-ல் விழும் என்று நினைத்தவர்களால் செய்ய முடிந்தது, தங்களிடம் இருந்ததை விற்பதும் வாங்காமல் ஒதுங்கி நிற்பதும்தான். பங்கைக் கடன் வாங்கி விற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் புழக்கம் மிகக் குறைவு. இது ஒரு பக்கம். மறுபக்கம், 613 கோடியில் உண்மையில் எத்தனை கோடி வரும் என்று யாருக்கும் தெரியாது. 'விற்கலாம்' என்பதற்கும் 'விற்பார்கள்' என்பதற்கும் இடையே உள்ள அந்த இருட்டில்தான் விலை தடுமாறும்.

வந்தது எவ்வளவு என்பது பின்னர் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மூர் ஸ்ட்ராடஜிக் வென்ச்சர்ஸ் என்ற நிதி தன்னிடமிருந்த 4.25 கோடிப் பங்குகளை 44 ரூபாய் வீதம் விற்றது. டைகர் குளோபல் ஜூலை 25-க்கும் ஆகஸ்ட் 2-க்கும் இடையே 18.45 கோடிப் பங்குகளைத் திறந்த சந்தையில் விற்று, தன் பங்கை 5.1-லிருந்து 2.8 சதவிகிதமாகக் குறைத்துக்கொண்டது. 613 கோடியோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சிறு துளி. பெரும்பாலான பழைய பங்குதாரர்கள் அந்த வாரம் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. ஆனால் விலையைத் தீர்மானிப்பது விற்காமல் இருக்கும் 90 பேர் இல்லை. அன்று விற்க வந்து நிற்கும் பத்து பேரும், எதிரே வாங்க வராமல் காத்திருப்பவர்களும்தான். நாளைக்கு இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் இன்றைக்கு யார் வாங்குவார்?

பழியை முழுக்க லாக்-இன் மீது போடுவதும் சரியில்லை. 2022 ஜூன் 24-ல் சொமேட்டோ, பிளிங்கிட் என்ற மளிகை டெலிவரி நிறுவனத்தை 4,447 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்திருந்தது. பணத்துக்குப் பதில் பங்குகளாகவே கொடுப்பதாக ஏற்பாடு. அது சந்தைக்குப் பிடிக்கவில்லை. 70 ரூபாய்ப் பக்கம் இருந்த பங்கு ஒரு மாதத்தில் 53-க்கு வந்தது அந்தக் கோபத்தில்தான். ஏற்கெனவே வாங்குவோர் தயங்கி நின்ற இடத்தில் பூட்டும் திறந்தது. ஒரு வருடம் கழித்து இதே பிளிங்கிட் பங்குகளுக்கு வேறொரு வேலை இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

விசித்திரம் என்னவென்றால், எல்லோரும் அதிகம் பயந்த விற்பனை நடந்தபோது விழுவதற்கு அதிகம் மிச்சமில்லை. ஆகஸ்ட் 1-ல் நஷ்டம் குறைந்ததாக காலாண்டு முடிவு வந்தது. அடுத்த நாள் பங்கு 20 சதவிகிதம்வரை ஏறி 55 ரூபாய்க்கு மேல் போனது. அதற்கும் அடுத்த நாள், ஆகஸ்ட் 3-ல், ஊபர் தன்னுடைய 61.2 கோடிப் பங்குகளை முழுவதுமாக விற்றது. சராசரி விலை 50.44 ரூபாய்; மொத்தம் 3,088 கோடி. முந்தைய நாள் விலையைவிட சுமார் 9 சதவிகிதம் குறைவு. வாங்கியவர்களில் ஃபிடிலிட்டியும் ஐசிஐசிஐ ப்ருடென்ஷியலும் இருந்தன. இவ்வளவு பெரிய மூட்டையைத் திறந்த சந்தையில் அவிழ்த்துவிட்டால் விலை எங்கே போகும் என்று தெரியாது. அதனால் வங்கியாளர்கள் மூலம் முன்பே வாங்குவோரைத் திரட்டி, ஒரு தள்ளுபடி பேசி, மொத்தமாகக் கைமாற்றுவார்கள். இதற்குப் பெயர் பிளாக் டீல். அந்தத் தள்ளுபடிதான் அவசரத்தின் விலை. 61 கோடிப் பங்குகள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்வரை இருந்த கவலை, அவை புதிய கைக்குப் போனதும் போய்விட்டது.

கெடு முடியும் நாளைக் கண்டு நிறுவனங்களும் பயப்படும். சில நேரம் புத்திசாலித்தனமாக ஏதாவது செய்தும் பார்க்கும். நைக்கா செய்தது ஒரு உதாரணம். அதன் பழைய பங்குதாரர்களின் ஒரு வருடக் கெடு 2022 நவம்பர் 10-ல் முடிந்தது. நைக்கா அக்டோபரிலேயே ஒரு பங்குக்கு ஐந்து போனஸ் பங்கு என்று அறிவித்து, யாருக்குக் கிடைக்கும் என்று தீர்மானிக்கும் தேதியை முதலில் நவம்பர் 3 என்று வைத்தது. பிறகு அதை நவம்பர் 11-க்கு மாற்றியது. கெடு முடிந்த மறுநாள்.

இதில் வரி ஒளிந்திருந்தது. போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம். வைத்திருக்கும் காலமும் அது கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். ஒரு பங்கு ஆறாகும்போது விலையும் ஆறில் ஒன்றாகக் குறையும். பல வருடம் வைத்திருந்த பழைய முதலீட்டாளரின் மதிப்பில் ஆறில் ஐந்து பங்கு திடீரென்று 'நேற்று வாங்கியது' ஆகிவிடும். உடனே விற்றால் அதன் முழு விலையும் குறுகிய கால லாபம். அன்றைய விகிதப்படி 10 சதவிகிதத்துக்குப் பதில் 15 சதவிகித வரி. இன்னொரு வருடம் பொறுத்தால் இந்தத் தொல்லை இல்லை. விற்காதே என்று சட்டம் சொல்ல முடியாத இடத்தில், விற்றால் கை சுடும் என்று ஆக்கிவிட்டார்கள் என்று சந்தையில் பலர் முணுமுணுத்தார்கள். நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. சிறு முதலீட்டாளரும் எளிதாக வாங்க வேண்டும் என்பதுதான் போனஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எதுவாக இருந்தாலும் கெடு முடிந்த நாளில் அணை உடையவில்லை. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் பழைய நிதிகள் சில பெரிய தொகுதிகளாக விற்கவே செய்தன. வெளியேறுவது என்று முடிவெடுத்தவரை ஐந்து சதவிகித வரி வித்தியாசம் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கையில் புதிய நிறுவனப் பங்கு ஒன்றை வைத்திருப்பவர் இந்தத் தேதிகளைத் தெரிந்துகொள்ள யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் ப்ராஸ்பெக்டஸில் மூலதன அமைப்பு பற்றிய அத்தியாயம் ஒன்று இருக்கும். யார் எப்போது என்ன விலைக்கு வாங்கினார்கள், எத்தனை பங்குகள் எவ்வளவு காலம் பூட்டப்படும் என்பது அதில் அட்டவணையாக வரும். ஐநூறு பக்கத்தில் பலர் இந்தப் பக்கங்களைத்தான் புரட்டாமல் தள்ளிவிடுகிறார்கள். கெடுவை எண்ணும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பட்டியலிட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஆங்கர் கெடு பங்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும். இப்போது ஐபிஓ முடிந்த மூன்றாம் வேலை நாளே பட்டியலிடுவதால் வித்தியாசம் சிறியதுதான்; ஆனால் விற்க நினைப்பவருக்கு இரண்டு நாள் பெரிய விஷயம். கெடு விடுமுறை நாளில் முடிந்தால், விளைவு அடுத்த வர்த்தக நாளில்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஒப்பீடு போதும். விடுபடப்போகும் பங்குகள் எத்தனை, அந்தப் பங்கில் சாதாரணமாக ஒரு நாளில் கைமாறுவது எத்தனை. தினசரி புழக்கத்தைப் போல ஐந்து மடங்கு விடுபட்டால் சந்தை விழுங்கிவிடும். நூறு மடங்கு என்றால், அதில் பத்தில் ஒன்று வந்தாலும் திணறும். கெடு முடிந்த அன்று மாலை, பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் பல்க் டீல், பிளாக் டீல் பட்டியல்கள் வரும். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் அரை சதவிகிதத்துக்கு மேல் ஒரே ஆள் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ பெயரும் விலையும் அதில் வந்துவிடும். விற்றது யார் என்று எல்லோரும் கேட்பார்கள். வாங்கியது யார் என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது. நீண்ட காலம் வைத்திருக்கும் ஃபண்டின் பெயர் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அந்தச் சரக்கு மறுநாளே மீண்டும் சந்தைக்கு வராது. காலாண்டு முடிவில் வெளியாகும் பங்குதாரர் விவரத்தில் 'பூட்டப்பட்ட பங்குகள்' என்று ஒரு பத்தி உண்டு. இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அதில் பார்க்கலாம்.

பிளிங்கிட்டை வாங்கியதற்காகச் சொமேட்டோ ஒவ்வொன்றும் 70.76 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 62.9 கோடிப் புதுப் பங்குகள் கொடுத்திருந்தது அல்லவா? பிளிங்கிட்டின் பெரிய முதலீட்டாளரான சாஃப்ட்பேங்கின் கையில் வந்த பங்குகளுக்கும் ஒரு வருடக் கெடு இருந்தது. அது 2023 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் முடிந்தது. முந்தைய வருடத்தின் நினைவு மாறாத முதலீட்டாளர்கள் பலர் அந்த வாரத்தைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 28-ல் டைகர் குளோபல் தன்னிடம் மிச்சமிருந்த 12.35 கோடிப் பங்குகளையும் விற்றுவிட்டு முழுதாக வெளியேறியது. இரண்டு நாள் கழித்து சாஃப்ட்பேங்க் 10 கோடிப் பங்குகளை 94.70 ரூபாய் வீதம், 947 கோடிக்கு விற்றது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் சொமேட்டோ முதன்முறையாக லாபம் காட்டியிருந்தது. வாங்க வரிசையில் நின்றவர்களில் மியூச்சுவல் ஃபண்டுகளே அதிகம். அந்த வாரம் பங்கு சரியவில்லை. 2022-ல் இதே ஆகஸ்டில் 50.44-க்குக் கொடுத்துவிட்டுப் போன ஊபர், இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கியிருக்கும்.